சூட்டின் மேல் போடுகிற பழி

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் கடந்தும் ஒரு வீட்டில் குழந்தை இல்லையென்றால், காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமிருக்காது. 'அவளுக்குச் சூட்டு உடம்பு' என்பார்கள். 'பட்டாசு ஆபீசில் நாள் முழுக்க மருந்துத் தூளுக்குள் கிடந்தால் கர்ப்பப்பை எப்படித் தாங்கும்' என்பார்கள். ஜாதகத்தையும் விடமாட்டார்கள். இத்தனை காரணங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் யார் வாயிலும் வராது: கணவனிடமிருந்து மனைவிக்குச் சத்தமில்லாமல் வந்து சேர்ந்த ஒரு பால்வினைத் தொற்று. அதைப் பேசாமல் இருப்பதற்கு வெட்கம் ஒரு காரணம்தான். ஆனால் வெட்கத்துக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கெட்ட நோய் வந்திருந்தால் உடம்பு காட்டிக்கொடுத்திருக்கும், சீழ் வந்திருக்கும், புண் வந்திருக்கும், காய்ச்சல் வந்திருக்கும். ஒன்றும் இல்லை, ஆகவே நோயும் இல்லை என்கிற நம்பிக்கை அது. படித்தவர்கள், படிக்காதவர்கள், சில சமயம் மருந்து எழுதுகிறவர்கள் என்று எல்லோரும் இதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இது தவறு என்பதோடு, பெண்களின் கருக்குழாய்களைப் பலி வாங்குகிற தவறு என்பதே என் வாதம்.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். சூடு என்ற விளக்கம் முட்டாள்தனமாகப் பிறந்ததல்ல. விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த பூமி. அந்த வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து, கழிப்பறைக்குப் போகும் நேரத்தையும் பீஸ் ரேட்டில் கணக்குப் பார்த்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்தால் சிறுநீர் அடர்ந்து கடுக்கத்தான் செய்யும். சாதாரணச் சிறுநீர்த் தொற்றும் வரும். இளநீரும் மோரும் அந்தக் கடுப்பைத் தணிப்பது உண்மை. வெள்ளைப்படுதலிலும் பெரும்பகுதி பால்வினை நோய் அல்ல. மாதச் சுழற்சியோடு இயல்பாக வருவது உண்டு. பூஞ்சையாலும், பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவதாலும் வருவது உண்டு. ரசாயனத் தூள் கெடுதல் செய்யாது என்றும் நான் சொல்லவில்லை. கந்தகமும் வெடியுப்பும் அலுமினியத் தூளும் தோலையும் நுரையீரலையும் என்ன பாடு படுத்தும் என்று அந்தத் தொழிலாளர்களுக்கே தெரியும். ஆனால் கருக்குழாய் அடைப்புக்கு மகப்பேறு மருத்துவம் அடையாளம் கண்டிருக்கும் காரணங்கள் வேறு: கீழிருந்து மேலேறும் தொற்று, காசநோய், பிரசவத்துக்கோ கருக்கலைப்புக்கோ பின் வரும் கிருமித் தொற்று, எண்டோமெட்ரியோசிஸ், பழைய வயிற்று அறுவைகள். இந்தப் பட்டியலில் கந்தகமும் இல்லை, சூடும் இல்லை.

அடைப்பு என்றால் என்ன என்பதை எக்ஸ்ரே அறையில் பார்த்தால் விளங்கும். குழந்தையில்லை என்று வரும் பெண்ணுக்கு மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், பெரும்பாலும் 7 முதல் 10-ஆம் நாளுக்குள், எச்.எஸ்.ஜி. என்ற சோதனை செய்கிறார்கள். பேச்சுவழக்கில் டியூப் டெஸ்ட். கர்ப்பப்பை வாய் வழியாக ஒரு திரவத்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். கர்ப்பப்பை தலைகீழ் முக்கோணமாக வெள்ளையாகத் தெரியும். அதன் இரு மேல் முனைகளிலிருந்தும் மெல்லிய கோடுகள் புறப்பட்டு வளைந்து போய், கடைசியில் திரவம் வயிற்றுக்குள் சிந்துவது புகைபோலத் தெரிந்தால் குழாய்கள் திறந்திருக்கின்றன. சில படங்களில் கோடு முக்கோணத்தின் மூலையிலேயே நின்றுவிடும். சிலவற்றில் கோடு போகப் போகத் தடித்து, நுனியில் கட்டிவிட்ட பலூன்போல உப்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் முடியும். குழாயின் வெளிமுனை ஒட்டிப்போய் உள்ளே நீர் கோத்துக்கொண்ட நிலை அது. மூலையில் நிற்பது சில சமயம் குழாய் தற்காலிகமாகச் சுருங்குவதாலும் வரும், மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். உப்பிய குழாய் அப்படியல்ல. அது பழைய அழற்சி விட்டுப்போன தடம். அந்தப் படத்தைக் கையில் வாங்கும் பெண்ணிடம் முன்பு எப்போதாவது கடுமையான அடிவயிற்று வலி வந்ததா என்று கேட்டால், இல்லை என்ற பதில்தான் மிகுதியாக வரும். பல நாடுகளில் செய்த ஆய்வுகளில், குழாய் பழுதான பெண்கள் பலரின் ரத்தத்தில் கிளமிடியாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு இடுப்புக்குழி அழற்சி வந்ததாக நினைவே இல்லை.

இந்த மௌனம் எப்படிச் சாத்தியம்? கொனோரியா, கிளமிடியா இரண்டும் பெண்ணுடலில் முதலில் குடியேறுவது கர்ப்பப்பை வாயில். அங்கே வலியை உணர்த்தும் நரம்புகள் குறைவு. ஆணுக்குச் சிறுநீர்ப்பாதை குறுகலானது. கொனோரியா வந்தால் சில நாட்களிலேயே எரிச்சலும் சீழும் வந்து பத்தில் ஒன்பது பேருக்குத் தெரிந்துவிடும். பெண்ணுக்கு அப்படி இல்லை. கொனோரியா தொற்றிய பெண்களில் பாதிப் பேருக்காவது ஒரு தொந்தரவும் இருக்காது. கிளமிடியாவில் நூற்றுக்கு எழுபது எண்பது பேருக்கு எதுவும் தெரியாது. ஆண்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தெரியாது. கிளமிடியா உயிரணுவுக்குள்ளேயே ஒளிந்து பெருகும் கிருமி. இரண்டு மூன்று நாளில் ஒரு சுற்றுப் பெருகி, அந்த உயிரணுவை விட்டு வெளியேறி அடுத்ததற்குள் போகும். இப்படி மாதக்கணக்கில், சில பெண்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும், பேச்சில்லாமல் நீடிக்கும். அது மேலேறிக் கருக்குழாயை அடைந்தால், சினைமுட்டையைக் கர்ப்பப்பை நோக்கித் தள்ளிவிடும் நுண்ணிய மயிரிழைகள் அழிகின்றன. அழிக்கும் வேலையில் கிருமியைவிட, அதை எதிர்த்து நம் உடல் நடத்தும் போருக்கே பங்கு அதிகம். போர் முடிந்ததும் தழும்பு மிஞ்சுகிறது. குழாய் முழுதாக அடைபட்டால் கருத்தரிப்பு இல்லை. பாதி அடைபட்டால் இன்னும் ஆபத்து: கருவானது கர்ப்பப்பைக்கு வந்து சேராமல் குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்து உயிருக்கே உலை வைக்கும். சில பெண்களுக்குத் தொற்று வயிற்றுக்குள் பரவி ஈரலின் மேலுறையைத் தொட்டு, வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். பித்தப்பைக் கல் என்று ஸ்கேன் எடுக்க அனுப்புவார்கள், கல் இருக்காது.

இதை முதலில் சொன்னவர் வாங்கிய அடியும் நினைக்கத்தக்கது. 1872-இல் எமில் நோகெராத் என்ற மகப்பேறு மருத்துவர் பெண்களிடத்தில் மறைந்திருக்கும் கொனோரியா பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். நியூயார்க்கில் தொழில் நடத்தியவர் அவர். குணமாகிவிட்டதாக நம்பிக் கல்யாணம் செய்துகொண்ட ஆண்கள், தமக்கு ஒன்றுமில்லாததுபோலத் தெரியும் நிலையிலேயே மனைவிக்குத் தொற்றைக் கொடுக்கிறார்கள், அந்தப் பெண்கள் மலடி என்ற பட்டத்தைச் சுமக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். அவர் காலத்து மருத்துவ உலகம் கேலி செய்தது. அவர் போட்ட கணக்கு மிகையானதுதான், ஊரிலுள்ள பெரும்பாலான கணவன்மார் தலையிலும் நோயைக் கட்டிவிட்டார். ஆனால் அடிப்படையில் அவர் சொன்னது சரி. 1879-இல் ஆல்பர்ட் நைஸர் கொனோரியாக் கிருமியையே நுண்ணோக்கியில் காட்டினார். அறிகுறி இல்லாதவரும் நோயைக் கடத்துவார் என்பது ஒன்றரை நூற்றாண்டுப் பழைய செய்தி. நம் வட்டாரத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் வேதனை.

இனி எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் பயமுறுத்துவதற்காகச் சொல்கிறேன் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. சிகிச்சை இல்லாமல் விட்ட கிளமிடியா எல்லாப் பெண்களையும் மலடாக்குவதில்லை. நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்கு இடுப்புக்குழி அழற்சி வரலாம் என்பது பொதுவான கணிப்பு. மற்றவர்களில் பலருக்கு உடலே கிருமியைத் துரத்திவிடும். அழற்சி வந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்பதற்கு மிக நல்ல சான்று சுவீடனின் லுண்ட் நகரத்திலிருந்து வருகிறது. லார்ஸ் வெஸ்ட்ரோமும் அவருடைய குழுவினரும் 1960 முதல் 1984 வரை, வயிற்றுக்குள் குழாய்க் கருவியை விட்டு நேரில் பார்த்த 2501 பெண்களைப் பின்தொடர்ந்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தடவை அழற்சி வந்த பெண்களில் கருக்குழாய்ப் பழுதால் குழந்தை தரிக்காதவர்கள் 8 சதவீதம். இரண்டு தடவை வந்தவர்களில் 19.5 சதவீதம். மூன்று அல்லது அதற்கு மேல் வந்தவர்களில் 40 சதவீதம். இந்த மூன்று எண்களையும் இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவைக்கும் கேடு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆக, ஒரு பெண்ணின் தாய்மையைத் தீர்மானிப்பதில் முதல் தொற்றைவிட இரண்டாவதும் மூன்றாவதும் பெரிய பங்கு வகிக்கின்றன. கல்யாணமாகி ஒரே ஆளோடு வாழும் பெண்ணுக்கு இரண்டாவது தொற்று எங்கிருந்து வரும்? அவளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து, அவருக்குக் கொடுக்காமல் விட்ட வீட்டிலிருந்துதான் வரும்.

அறிகுறி இல்லாதவர்களுக்கும் குழாய் கெடுகிறதா என்பது அடுத்த கேள்வி. ஹெரால்டு வீசன்ஃபெல்டும் பிட்ஸ்பர்க்கிலுள்ள அவருடைய குழுவினரும் இதைத்தான் தேடினார்கள். கடுமையான அடிவயிற்று வலி எதுவும் இல்லாத பெண்களின் கர்ப்பப்பை உட்சவ்வில் ஒரு துணுக்கெடுத்துப் பார்த்தபோது, கிளமிடியாவோ கொனோரியாவோ உள்ளவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு அழற்சி ஏற்கெனவே மேலேறியிருந்தது. அப்படி மறைவாக அழற்சி இருந்த பெண்கள் பின்னாளில் கருத்தரிப்பது மற்றவர்களைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2012-இல் எழுதினார்கள். 'வலியில்லை' என்ற வாதம் இங்கே செத்துப்போகிறது.

இப்போது எதிர்ப்புகள். முதலாவது உரக்கச் சொல்லப்படுவது: எங்கள் பெண்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் தீப்பெட்டி ஆபீசிலும் குடும்பத்துக்காக உழைக்கும் பெண்களுக்குப் பால்வினை நோய் என்று சொல்வதே அவர்களை இழிவுபடுத்துவது. அது லாரி ஓட்டுநர், வெளியூர்க்காரன், தொழில் செய்யும் பெண் ஆகியோரின் நோய். இந்தப் பேச்சில் மரியாதை இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது பெண்ணைக் காப்பாற்றுவதில்லை, அவளுக்குச் சோதனை கிடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஒருத்திக்கு நோய் வர அவள் நடத்தையில் எதுவும் இருக்கத் தேவையில்லை, வாழ்நாளில் ஒரே ஓர் உறவு போதும். அதே சமயம் கணவனையும் உடனே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். கிளமிடியா மாதக்கணக்கில் மறைந்திருக்கும், ஆகவே இன்று வந்த முடிவு கல்யாணத்துக்கு முந்தைய சங்கதியாகவும் இருக்கலாம்; யாரிடமிருந்து யாருக்கு, எப்போது என்று அந்தச் சோதனைத் தாள் சொல்லாது. நோய் எங்கோ வெளியாளிடம்தான் இருக்கும் என்ற கணிப்பு எவ்வளவு தவறு என்பதை நம் மாவட்டம் ஒரு தடவை கண்கூடாகப் பார்த்தது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து. கொடுத்த இளைஞர் திடமாகத்தான் இருந்தார். தொற்று இருப்பது வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தெரிந்தபோது, தாமாகவே வந்து சொன்னார். அது வேறு கிருமி, வேறு வழி. ஆனால் பார்வைக்குத் திடமாக இருப்பவருக்குள்ளும் தொற்று மறைந்திருக்கும் என்பதற்கு வேறு ஊர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு மருத்துவத் துறைக்குள்ளிருந்து வருகிறது, இதற்கு இன்னும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையங்கள் இருக்கின்றன. பால்வினைத் தொற்றுக்கு இலவசமாக நிற வாரியாக மருந்துப் பொதிகள் தரப்படுகின்றன. அப்புறம் என்ன குறை என்பார்கள். அந்த ஏற்பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆய்வகம் இல்லாத இடத்தில், அறிகுறியைக் கேட்டு அதற்கான எல்லாக் கிருமிகளுக்கும் சேர்த்து மருந்து கொடுப்பது நல்ல யோசனையாகவே தொடங்கியது. பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த பொதிகளில் சாம்பல் நிறப் பொதியில் செஃபிக்ஸிமும் அசித்ரோமைசினும் இருக்கும். ஆணின் சிறுநீர்ப்பாதைச் சீழுக்கும் பெண்ணின் கர்ப்பப்பை வாய் அழற்சிக்கும் அது. பச்சைப் பொதி சாதாரண வெள்ளைப்படுதலுக்கு. அதில் செக்னிடசோலும் ஃப்ளூக்கனசோலும். மஞ்சள் பொதி அடிவயிற்று வலிக்கு. சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. பச்சைப் பொதி கொனோரியாவையும் தொடாது, கிளமிடியாவையும் தொடாது. கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்க்காமல், 'வெள்ளைப்படுதா, இந்தா' என்று பச்சையைக் கொடுத்து அனுப்பினால் கிருமி இருந்த இடத்திலேயே இருக்கும், அரிப்பு மட்டும் போகும். பெண்ணும் குணமாகிவிட்டதாக நம்புவாள். இரண்டாவது, இந்த முறை முழுவதும் தொந்தரவு என்று வருகிறவருக்கே பயன்படும். தொந்தரவே இல்லாத எழுபது எண்பது பேர் அந்த மையத்தின் வாசலை மிதிக்கவே மாட்டார்கள். தொந்தரவு உள்ளவர்களிலும் பலர் வருவதில்லை. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 16 முதல் 22 வயதுவரையான திருமணமான பெண்களிடம் செய்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் தமக்குப் பெண்ணுறுப்பு சார்ந்த தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எங்கும் சிகிச்சைக்குப் போகவில்லை. பக்கத்தில் பெண் மருத்துவர் இல்லை, மறைவிடம் இல்லை, தூரம், செலவு, 'இது எல்லாருக்கும் வருவதுதானே' என்ற எண்ணம் ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்கள். பீஸ் ரேட்டில் ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு இந்தக் காரணங்கள் புதிதல்ல.

ஆணின் பக்கத்தில் நடப்பது இன்னும் மோசம். எரிச்சலும் சீழும் வந்த ஆண் சுகவாழ்வு மையத்துக்குப் போவதற்கு முன் மெடிக்கல் கடைக்குப் போகிறான். 'நீர்க்கடுப்புக்கு ஒன்று கொடுங்கள்' என்று கேட்டு சிப்ரோஃப்ளாக்சசினோ நார்ஃப்ளாக்சசினோ நாலு மாத்திரை வாங்குகிறான். இந்த வகை மருந்துகளைக் கொனோரியாக் கிருமி தோற்கடித்து வெகுகாலம் ஆகிறது. இப்போது உலகெங்கும் நம்பியிருப்பது செஃப்ட்ரையாக்சோன் ஊசியை. கிளமிடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரை, காலை மாலை, ஏழு நாள். கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்கக் கூடாது, அசித்ரோமைசின் தர வேண்டும். இரண்டு கிருமியும் ஒன்றாகவே வருவது சகஜம் என்பதால் ஒன்றுக்கு மட்டும் மருந்து போட்டால் மற்றது தங்கும். கடையில் வாங்கிய நாலு மாத்திரையில் சீழ் குறைகிறது, அல்லது தானாகவே வற்றுகிறது. அவனுக்கு வழக்கு முடிந்தது. அவன் மனைவிக்கு அப்போதுதான் தொடங்குகிறது. கடைக்காரர் 'வீட்டில் அவங்களுக்கும் பார்க்கணும்' என்று சொல்லியிருந்தால் ஒரு குழாய் தப்பியிருக்கும். சொல்வதில்லை.

மூன்றாவது எதிர்ப்பை நான் மதிக்கிறேன்: சோதனை செய்தால் குடும்பம் உடையும், பெண்தான் அடி வாங்குவாள். இது கற்பனைப் பயமல்ல. ஆனால் சோதனையைத் தவிர்த்தாலும் பெண் தப்பிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். நாலு வருஷம் கழித்து 'குழந்தை தராதவள்' என்று அவளே குற்றம் சுமக்கிறாள், சில வீடுகளில் இரண்டாம் கல்யாணப் பேச்சும் எழுகிறது. ஆகவே, அவளைத் தனியே நிறுத்தாமல் சோதனை செய்வது எப்படி என்றுதான் கேட்க வேண்டும். குழந்தையில்லை என்று வரும் தம்பதிக்கு முதல் நாளிலேயே இருவருக்கும் சேர்த்துச் சோதனை எழுதுவது ஒரு வழி. விந்துப் பரிசோதனை எழுதும் அதே சீட்டில் எழுதிவிடலாம். ஆணுக்கு ஊசிகூட வேண்டாம், ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20, 30 மில்லி சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தால் போதும். பெண்ணும் கால் விரித்துப் படுக்க வேண்டியதில்லை. மெல்லிய பஞ்சுக்குச்சியை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, பத்து முதல் முப்பது விநாடி சுற்றி, திரவக் குப்பியில் போட்டு மூடித் தந்துவிடலாம். தானே எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்ததற்கு இணையாகத் துல்லியமானதுதான். கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனைக்குப் புதிய மாளிகை எதுவும் கட்ட வேண்டாம். காசநோய்க்காக மாவட்டந்தோறும் வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தில் இதற்கென்று தனிப் பெட்டகம் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு கிருமிக்கும் பதில் வரும். இப்போது பெரும்பாலும் நடக்கும் சாயச் சோதனை சீழ் உள்ள ஆணிடம் நன்றாக வேலை செய்கிறது, பெண்ணிடம் பாதித் தொற்றைத் தவறவிடுகிறது. அதில் 'இல்லை' என்று வந்த தாளை நம்பிப் பெண்ணை அனுப்பிவிடுவது தவறு.

நான்காவது எதிர்ப்பு படித்த சந்தேகவாதியுடையது, அது என் வாதத்துக்கே கொஞ்சம் குறுக்கே நிற்கிறது. லண்டனில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட மாணவிகளிடம் நடத்திய சோதனை 2010-இல் வெளியானது. கிளமிடியாவை ஒரு தடவை தேடிச் சிகிச்சை செய்த குழுவுக்கும் தள்ளிப்போட்ட குழுவுக்கும் அழற்சியில் பெரிய வேறுபாடு உறுதியாக நிரூபணமாகவில்லை. அழற்சி வந்தவர்களில் பெரும்பாலோர் தொடக்கத்தில் தொற்று இல்லாதவர்கள், பிற்பாடு தொற்றிக்கொண்டிருக்கக் கூடியவர்கள். ஆகவே ஊரையே வரிசையில் நிறுத்தி ஒரு தடவை சோதித்தால் மலட்டுத்தன்மை ஒழிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். ஆனால் அதே ஆய்வில் தொடக்கத்திலேயே கிளமிடியா இருந்து, சிகிச்சை தள்ளிப்போன பெண்களில் ஒரு வருஷத்துக்குள் அழற்சி வந்தவர்கள் 9.5 சதவீதம், சிகிச்சை பெற்றவர்களில் 1.6 சதவீதம். தொற்று உள்ளவளுக்குச் சிகிச்சை பலன் தருகிறது. ஒற்றைத் தடவைத் தேடல்தான் போதவில்லை. மறு தொற்றைத் தடுக்காத எந்த ஏற்பாடும் பாதி ஏற்பாடே என்று லுண்ட் எண்கள் சொன்னதையே லண்டன் எண்களும் சொல்கின்றன. இன்னொரு திசையிலிருந்தும் ஒரு குறை வரும்: இந்தியாவில் குழாய் அடைப்புக்குக் காசநோய்தானே பெரிய காரணம்? பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. உப்பிய குழாயைப் படத்தில் பார்த்து இது கிளமிடியா, இது காசநோய் என்று கண்ணால் பிரித்துவிடவும் முடியாது. அதனால்தான் இரண்டையும் தேட வேண்டும். ஒன்றைத் தேடுவதைச் சாக்காக வைத்து மற்றதை விடக் கூடாது.

என் கோரிக்கை சிறியது, இடம் குறிப்பிட்டது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி.யும் வி.டி.ஆர்.எல்.லும் பார்க்கிறார்கள், பெரும் சாதனை அது. கொனோரியாவும் கிளமிடியாவும் அந்தப் பட்டியலில் இல்லை. இருபத்தைந்து வயதுக்குட்பட்ட கர்ப்பிணி, காப்பர்-டி போடுவதற்கு வரும் பெண், கருக்கலைப்புக்கு வரும் பெண், குழந்தையில்லை என்று வரும் தம்பதி என்ற இந்த நால்வருக்கு மட்டும் முதலில் தொடங்கலாம். கர்ப்பப்பை வாயில் தொற்று இருக்கும்போது காப்பர்-டி போட்டாலோ கருக்கலைப்பு செய்தாலோ கிருமியைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போவதாகிவிடும், ஆகவே அந்த இரண்டு இடமும் தள்ளிப்போட முடியாதவை. 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி சிவகாசியிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். சிவகாசியிலேயே தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனையும் இருக்கிறது. இரண்டும் இதைக் கையிலெடுத்தால் மாவட்டத்தில் எவ்வளவு தொற்று இருக்கிறது என்பதாவது ஊகமாக இல்லாமல் எண்ணாகத் தெரியும். ஆலை நிர்வாகத்துக்கும் ஒரு வேலை உண்டு: வருடாந்தர உடல் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழு நெஞ்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டுப் போகாமல், ஒரு பெண் செவிலியர் தனி அறையில் உட்கார்ந்து கேட்க வழிசெய்யலாம். முடிவு நிர்வாகத்தின் கையில் போகாது என்று எழுத்தில் உறுதி தராமல் அதைத் தொடங்கக் கூடாது. இல்லையென்றால் ஒருத்தியும் வரமாட்டாள்.

மருத்துவமனை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ அடிவயிற்று வலிக்கு, வெள்ளைப்படுதலுக்கு, கடுப்புக்கு மருந்து எழுதப்படும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கருவி வைத்துப் பார்த்தீர்களா? இதற்கு எந்தக் கிருமி காரணம்? வீட்டுக்காரருக்கும் மருந்து உண்டா? இருவருக்கும் மருந்து என்றால் இருவரும் முடிக்கும்வரை, ஒரே வேளை மருந்தானால் அதன்பின் ஏழு நாள்வரை, உறவு வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள், மருந்து தோற்றதா என்பதற்காக அல்ல, திரும்பத் தொற்றியதா என்பதற்காக. அடிவயிற்று வலி வந்துவிட்டால் வேலை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். மூன்று நாளுக்கு மேல் தாமதித்துச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் குழந்தையின்மையும் குழாய்க் கர்ப்பமும் உடனே வந்தவர்களைப்போல மூன்று மடங்காக இருந்தது என்று ஆய்வு இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு மருத்துவர் தயங்கினால், வேறு மருத்துவரைப் பாருங்கள்.